பனியன் விலையில் சேராத உப்பு

பருத்தித் துணியில் சாயம் லேசில் ஏறாது. தண்ணீரில் முக்கிய பருத்தி இழையும் அதோடு சேர வேண்டிய சாயமும் ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். அந்தப் பகையைத் தணிக்கத்தான் சாயத்தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள். உப்பு இருந்தால் சாயம் இழைக்குள் போகும், பிறகு சோடா போட்டு அதை நிலைநிறுத்துவார்கள். அடர்ந்த கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்களுக்கு லிட்டருக்கு 60 கிராம் வரையில், சமயத்தில் அதற்கு மேலும் உப்பு தேவைப்படும். ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் தொட்டி நீர் என்று கணக்கிட்டால் 600 கிராம் உப்பு. அந்த உப்பில் ஒரு துளிகூடத் துணியோடு போவதில்லை. சாயத்தை ஏற்றிவிட்டு, வேலை முடிந்த கழிவுநீரோடு அது முழுவதும் வெளியே வந்துவிடும்.

திருப்பூரின் கதையை நிறத்தை வைத்துச் சொல்வது வழக்கம். நொய்யல் இன்று சிவப்பாக ஓடியது, நேற்று நீலமாக ஓடியது என்று படம் போடுவார்கள். ஆனால் ஆற்றைக் கெடுத்ததில் நிறத்துக்குப் பங்கு குறைவு, உப்புக்குத்தான் அதிகம். 1990-களில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பும் இரும்பு உப்பும் சேர்த்துக் கழிவுநீரின் நிறத்தைப் பெரும்பாலும் எடுத்துவிட முடிந்தது. கரைந்திருக்கும் உப்பை அந்த முறையால் தொடக்கூட முடியாது. தெளிந்து வந்த தண்ணீரைப் பார்த்தால் நல்ல தண்ணீர் போலத்தான் தெரியும். கீழே உள்ள கிணற்றுக்காரருக்கு அது தெரியவந்தது வேறு வழிகளில்: மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்த படலம், முளைக்காத விதை, குரும்பையிலேயே உதிர்ந்த தேங்காய்.

சந்தைதான் எல்லாவற்றுக்கும் சரியான விலை சொல்லும் என்பவரோடும், எல்லாவற்றையும் அரசே நடத்தட்டும் என்பவரோடும் விவாதிக்க இதைவிடப் பொருத்தமான ஆற்றை நான் அறியேன். நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகக் கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. ஓரத்துப்பாளையத்தில் அதன் குறுக்கே அரசு ஓர் அணை கட்டியது. பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் முடிந்த அந்த அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குளமாகிவிட்டது.

கழிவை ஆற்றில் விட்ட பட்டறைக்காரர் கெட்டவர் என்று சொல்லி முடித்துக்கொள்வது எளிது. அவருடைய கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. பெரும்பாலான சாயப்பட்டறைகள் ஜாப் ஒர்க் செய்பவை. ஏற்றுமதியாளர் துணியைக் கொடுப்பார், பட்டறை கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு சாயம் போட்டுத் தரும். ஒரு கிலோ துணிக்கு வெளுப்பதிலிருந்து கடைசி அலசல் வரை நூறு லிட்டர் தண்ணீர் போகிறது என்றும், அந்தக் கழிவை உப்பு நீக்கிச் சுத்தம் செய்ய லிட்டருக்கு 15 காசு ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 15 ரூபாய் கூடுதல் செலவு. ஒரு பனியனின் எடை 150 கிராம் என்றால், அதன் பங்கு இரண்டேகால் ரூபாய்தான். ஐரோப்பாவில் அந்தப் பனியனை வாங்குபவர் இதைக் கவனிக்கக்கூட மாட்டார். ஆனால் பட்டறைக்காரரின் கூலியில் கிலோவுக்கு 15 ரூபாய் கூடினால் ஏற்றுமதியாளர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். அடுத்த தெருக்காரர் இரவில் மடையைத் திறந்துவிடுபவராக இருந்தால், யோக்கியமாக இருப்பவருக்கு இருக்கிற ஆர்டரும் போகும். தனி ஒருவர் நல்லவராக இருக்க முடியாத ஒரு ஏற்பாடு அது.

இரண்டேகால் ரூபாய் யாரோ ஒருவர் தலையில் விழத்தான் செய்தது. விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் சம்பந்தமில்லாத, அந்த வியாபாரத்தில் கையெழுத்தே போடாத ஒரு தென்னந்தோப்புக்காரர் அதைச் செலுத்தினார். இப்படி ஒரு கொடுக்கல் வாங்கலின் விளைவு அதற்கு வெளியே உள்ளவர் மீது விழுவதைத்தான் பொருளாதாரத்தில் புறவிளைவு என்கிறார்கள். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர்தர் பிகூ 1920-இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு மருந்து சொன்னார். வெளியே விழும் சேதத்தின் அளவுக்கு ஒரு வரியைப் போட்டு, அதைச் செய்பவரின் கணக்கிலேயே ஏற்றிவிடுங்கள் என்பது அதன் சாரம். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அரசு ஒவ்வொன்றாகக் கட்டளை போட வேண்டியதில்லை. விலை சரியாக இருந்தால் குறைந்த தண்ணீரில் சாயம் போடும் எந்திரத்தை அவரே தேடிப்பிடித்து வாங்குவார்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1960-இல், ரொனால்ட் கோஸ் ஒரு குறுக்குக் கேள்வி கேட்டார். இதற்கு அரசு எதற்கு? இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொண்டால் என்ன? ஒரு பட்டறை, ஒரு தோப்பு என்று எடுத்துக்கொள்வோம். கழிவால் தோப்புக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய் நட்டம், கழிவைச் சுத்தம் செய்ய 30,000 ரூபாய் செலவு. நல்ல தண்ணீருக்கான உரிமை தோப்புக்காரருக்கு உண்டு என்று சட்டம் சொன்னால், நட்டஈடு கொடுப்பதைவிடச் சுத்தம் செய்வது மலிவு என்று பட்டறைக்காரர் சுத்தம் செய்துவிடுவார். கழிவு விடும் உரிமை பட்டறைக்கு என்று சட்டம் சொன்னாலும், தோப்புக்காரர் 35,000 ரூபாயைக் கொடுத்து அவரைச் சுத்தம் செய்ய வைப்பார். இருவருக்கும் ஐயாயிரம் மிச்சம். யார் பையிலிருந்து பணம் போகிறது என்பது மாறும், ஆறு இரண்டு வழியிலும் சுத்தமாகும்.

அழகான வாதம். பேசுவதற்குச் செலவே ஆகாது என்றால்தான் இது நடக்கும் என்பதையும் கோஸ் அதே கட்டுரையில் சொல்லியிருக்கிறார். அவரை மேற்கோள் காட்டுபவர்களில் பலர் அந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள். நொய்யலில் ஒரு பக்கம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள். இன்னொரு பக்கம் எத்தனை பேர் என்பதற்கு அரசு ஆவணத்திலேயே ஓர் எண் இருக்கிறது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. நட்டத்தை மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்கவும் உத்தரவிட்டது. சுற்றுச்சூழல் இழப்பீட்டு ஆணையம் என்ற அந்த அமைப்புதான் நொய்யல் விவகாரத்தையும் விசாரித்து, 2004 இறுதியில் 28,596 விவசாயிகளுக்கு ஏறத்தாழ 24.8 கோடி ரூபாய் இழப்பீடு என்று முடிவு செய்தது.

பெரிய தொகை போலத் தெரிகிறது. வகுத்துப் பாருங்கள், ஆளுக்குச் சராசரியாக 8,700 ரூபாய்கூட வராது. இந்தத் தொகைக்காக எந்த விவசாயி தனியாக வக்கீல் வைத்து, எழுநூறு பட்டறைகளில் தன் கிணற்றைக் கெடுத்தது எது என்று நிரூபிக்கப் போவார்? நிரூபிக்கவும் முடியாது. ஆற்றில் கலந்த உப்பில் முதலாளியின் பெயர் எழுதியிருப்பதில்லை. மொத்த நட்டம் மலையளவு, ஒவ்வொருவர் பங்கும் கடுகளவு. இந்த வடிவத்தில் வரும் நட்டத்துக்குப் பேரம் பேச ஆளே வரமாட்டார்.

வந்தவர்கள் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கங்கள். நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. இங்கே இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. அந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் தீர்ப்பின் பலன் ஒன்றுதான். ஆற்றில் உப்பு குறைந்தால் எல்லாக் கிணற்றிலும் குறையும். பணம் தராதவர் கிணற்றை மட்டும் உப்பாகவே வைத்திருக்க வழியில்லை. ஒருவர் கிணற்று நீர் இனிப்பதால் அடுத்தவர் கிணற்றின் இனிப்பு குறைவதும் இல்லை. (தண்ணீரின் அளவு வேறு சங்கதி. நீர் இறைக்க இறைக்க அடுத்தவருக்குக் குறையும். நான் சொல்வது தண்ணீரின் தரத்தை.) யாரையும் விலக்க முடியாது, ஒருவர் அனுபவிப்பதால் இன்னொருவருக்குக் குறையாது என்ற இந்த இரண்டு குணமும் சேர்ந்தால் அது பொதுப்பண்டம்.

பால் சாமுவேல்சன் 1954-இல் எழுதிய மிகச் சிறிய கட்டுரை ஒன்றில் இதன் கணக்கை வகுத்தார். சாதாரணப் பொருளுக்கு, ஒருவர் கொடுக்கத் தயாராக உள்ள விலை அதன் தயாரிப்புச் செலவுக்கு மேல் இருந்தால் போதும், அது விற்கும். பொதுப்பண்டத்தில் எல்லாருடைய விருப்பத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தண்ணீர் ஒவ்வொரு விவசாயிக்கும் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் பெறும் என்று வைத்தால், 28,596 பேருக்கு 2.86 கோடி. இரண்டு கோடியில் அந்தக் காரியம் முடியும் என்றால் செய்தே ஆக வேண்டும், ஊருக்கே லாபம். ஆனால் உண்டியலோடு வீடு வீடாகப் போனால் அந்தத் தொகை சேராது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கட்டட்டும், நாம் ஓசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதற்கு ஒவ்வொருவருக்கும் காரணம் இருக்கிறது. உண்மையிலேயே எனக்கு இது எவ்வளவு பெறும் என்று வாய்திறந்து சொல்லாமல் இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. கட்டாயமாக வசூலிக்கும் அதிகாரம் உள்ள ஒரு அமைப்பு இல்லாமல் இந்தப் பண்டம் கிடைக்காது. அரசின் இருப்புக்குச் சொல்லப்படும் காரணங்களில் எனக்கு மிக உறுதியாகத் தெரிவது இதுதான்.

ஆனால் இங்கிருந்து ஒரே தாவாகத் தாவி, ஆகவே சுத்திகரிப்பு நிலையத்தையும் அரசே கட்டி நடத்த வேண்டும் என்று சொல்லிவிடக் கூடாது. நிலையத்துக்கு வருவது குழாய். குழாய்க்கு வால்வு உண்டு. சந்தா கட்டாத பட்டறையின் வால்வை மூடிவிடலாம். விலக்க முடிகிறது என்றால் அது பொதுப்பண்டம் ஆகாது, உறுப்பினர்களுக்கான மன்றம் போன்றது. திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் அப்படித்தான் இயங்குகின்றன. பட்டறைக்காரர்கள் சேர்ந்து கம்பெனி தொடங்கி, பங்கு போட்டு, அனுப்பும் கழிவுக்கு ஏற்பக் கட்டணம் கட்டுகிறார்கள். தண்ணீரை ஆர்.ஓ. சவ்வு வழியாகத் தள்ளி நல்ல நீரைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சும் கெட்டியான உப்புக் கரைசலைக் கொதிகலனில் வற்ற வைத்து உப்பை எடுப்பார்கள். ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்பது விதி.

அப்படியானால் அரசு எதைத் தர வேண்டும்? அளவைத் தர வேண்டும். எந்தப் பட்டறையிலிருந்து எத்தனை லிட்டர் வருகிறது, அதில் எவ்வளவு உப்பு, நிலையத்துக்கு வந்ததும் பட்டறையில் புறப்பட்டதும் ஒத்துப்போகிறதா, வாங்கிய தண்ணீரின் அளவுக்கும் விட்ட கழிவின் அளவுக்கும் இடையே எவ்வளவு காணாமல் போகிறது என்ற கணக்கு. கரைந்த திடப்பொருளுக்கு, அதாவது டி.டி.எஸ்.ஸுக்கு, லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்று ஒரு வரம்பு உண்டு. சுத்தம் செய்யாத சாயக்கழிவில் அதன் பல மடங்கு இருக்கும். பாக்கெட்டில் அடங்கும் மீட்டர் ஒன்றை யாரும் வாங்கி ஆற்றில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் ஆற்றில் காட்டும் எண்ணை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. ஒவ்வொரு வாய்க்காலிலும் ஓட்டமானி வைத்து, முத்திரை போட்டு, நள்ளிரவிலும் மழை நாளிலும் போய்ப் பார்க்கும் அதிகாரம் தனியாருக்கு இல்லை. மழை நாளைக் குறிப்பாகச் சொல்லக் காரணம், வெள்ளத்தோடு வெள்ளமாகத் திறந்துவிட்டால் உப்பின் அடர்த்தி குறைந்து கண்டுபிடிப்பது கடினமாகிவிடும் என்பதே. இந்த அளவெடுப்பு எல்லாருக்கும் பயன்படும். அதற்குப் பணம் கட்ட எந்தத் தனி ஆளுக்கும் காரணம் இல்லை. பொதுப்பண்டத்தின் இலக்கணம் இங்கே அச்சாகப் பொருந்துகிறது.

பிகூ சொன்ன வரியை நீதிமன்றம் ஒருமுறை ஏறக்குறைய அப்படியே போட்டுப் பார்த்தது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவு வெளியேறாத ஏற்பாட்டைச் செய்து முடிக்காத பட்டறைகள் 2007 தொடக்கத்திலிருந்து லிட்டருக்கு 6 காசு அபராதம் கட்ட வேண்டும், அது 8 காசாகவும் பிறகு 10 காசாகவும் ஏறும், ஜூலைக் கடைசிக்குள் முடிக்காவிட்டால் மூட வேண்டும் என்றது. அன்றைக்கு இரண்டு லட்சம் லிட்டர் கழிவு விடும் பட்டறையை எடுத்துக்கொண்டால், 6 காசு வீதம் நாளுக்கு 12,000 ரூபாய், 10 காசு வீதம் 20,000 ரூபாய். மேலே வைத்துக்கொண்ட 15 காசுக் கணக்கில் சுத்தம் செய்யும் செலவு 30,000 ரூபாய். அப்படிப் பார்த்தால் அபராதம் கட்டிவிட்டு ஆற்றில் விடுவதே பட்டறைக்கு ஆதாயம். விலை குறைவாக வைத்த அபராதம் அனுமதிச் சீட்டாக மாறிவிடும். பிகூவின் மருந்தில் உள்ள சிக்கல் இது. சரியான விகிதத்தைச் சொல்ல வேண்டுமானால் தோப்புக்காரரின் நட்டத்தையும் பட்டறையின் செலவையும் அரசு துல்லியமாக அறிந்திருக்க வேண்டும். அறிந்தவர்கள் சொல்ல மாட்டார்கள். காலக்கெடு முடிந்ததும் மூடல் என்ற கத்தி அந்த உத்தரவின் முனையில் தொங்கியிருக்காவிட்டால் யாரும் அசைந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

கத்தி இருந்தும் விழத் தாமதமானது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டறை உரிமையாளர்களின் மேல்முறையீட்டை ஏற்காமல் உயர் நீதிமன்றத்தின் வழியையே உறுதி செய்தது. அதன் பிறகும் ஆற்றில் கழிவு ஓடியது. 2011 ஜனவரி 28 அன்று, நீதிமன்ற அவமதிப்பு வழக்கில், சாய, சலவைப் பட்டறைகள் எல்லாவற்றையும் சுத்திகரிப்பு நிலையங்களோடு சேர்த்து மூடுமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒழுங்காக நடந்தவரும் ஏமாற்றியவரும் ஒரே நாளில் பூட்டுப் போட்டார்கள். துணியை வெளியூருக்கும் வெளி மாநிலத்துக்கும் அனுப்பிச் சாயம் போட வேண்டியிருந்தது. அளவெடுப்பு சரியாக இல்லாத இடத்தில் கடைசியில் எஞ்சும் தண்டனை இப்படிப்பட்டதாகத்தான் இருக்கும். யார் குற்றவாளி என்று பிரித்தறிய முடியாதபோது ஊரையே நிறுத்த வேண்டியதாகிறது.

பொதுப்பணம் எவ்வளவு போகலாம் என்ற கேள்வியும் அப்போது வந்தது. திருப்பூரில் இந்த ஏற்பாட்டுக்காக 2010-11 மத்திய பட்ஜெட்டில் தமிழக அரசுக்கு ஒருமுறை மானியமாக 200 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. மூடலுக்குப் பின் மாநில அரசும் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று ஒரு கையால் எழுதிவிட்டு, இன்னொரு கையால் வரி கட்டியவர்களின் பணத்தைக் கொடுப்பது முரண் இல்லையா என்று விவசாயிகள் கேட்டால் அதில் நியாயம் உண்டு. தொழிலாளர் பிழைப்பு என்ற பதில் எனக்குப் போதவில்லை. எந்தத் தொழிலுக்கும் அதைச் சொல்லலாம். வலுவான பதில் வேறொன்று. இந்த அளவில், இத்தனை சிறு பட்டறைகளின் சாயக்கழிவை ஒரு சொட்டும் விடாமல் நடத்திக்காட்டிய முன்னுதாரணம் அன்று இல்லை. முதலில் முயல்பவர் தோல்விகளுக்கெல்லாம் பணம் கட்டுவார், கற்றுக்கொண்டதை மற்றவர் பார்த்துச் செய்துகொள்வார். உப்பு முழுவதையும் வற்ற வைக்காமல் கெட்டியான கரைசலையே மறுபடி சாயத்தொட்டிக்கு அனுப்பலாம் என்று அருள்புரம் நிலையத்தில் நடத்திக்காட்டியபோது, கொதிகலன் செலவைக் குறைக்கும் அந்த வழி மற்ற நிலையங்களுக்கும் போனது. கற்றறிந்த முறையும் ஒரு பொதுப்பண்டமே. அதை உருவாக்கும் செலவில் அரசு பங்கெடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. முறை தெரிந்த பின் அன்றாடம் நடத்தும் செலவுக்கு அந்தக் காரணம் இல்லை.

அரசே எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நம்புபவர்கள் ஓரத்துப்பாளையத்துக்கும் ஒருமுறை போய்வர வேண்டும். அணை அரசு கட்டியது. மேலே பட்டறைகளுக்கு அனுமதி தந்ததும் அரசுதான். பாசனத் துறையின் கணக்கில் அணையின் பயன் ஏறியது, தொழில் துறையின் கணக்கில் ஏற்றுமதி ஏறியது, இரண்டுக்கும் நடுவே உப்பு யாருடைய புத்தகத்திலும் ஏறவில்லை. துறைகளுக்கு இடையிலும் புறவிளைவு உண்டு. தங்களுக்கென்று கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வீட்டுச் சாக்கடை நொய்யலில் கலப்பதற்கு எந்தத் தனியார் முதலாளியையும் குறை சொல்ல முடியாது. அது உள்ளாட்சிகளின் பங்கு. அவர்களிடம் லிட்டருக்கு ஆறு காசு யாரும் கேட்கவில்லை.

கட்டுப்பாடு இறுகிய பின் வேறு இடத்திலும் கசிவு தெரிகிறது. சில பட்டறைகள் விதி தளர்வாக உள்ள ஊர்களுக்குப் போயின. உரிமம் இல்லாமல் குடியிருப்புகளுக்குள் சிறு தொட்டி வைத்துச் சாயம் போடுபவர்களை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிடித்து மின் இணைப்பைத் துண்டிக்கும் செய்தி அடிக்கடி வருகிறது. விதிப்படி நடக்கும் நிலையங்களிலும் ஆற்றுக்குப் போகாத உப்பு மறைந்துவிடவில்லை, நிலத்துக்கு மேலே வந்திருக்கிறது. வற்ற வைத்த பிறகு கிடைப்பதில் நல்ல உப்பைப் பட்டறைக்கே திருப்பி அனுப்பிவிடலாம். எதிலும் சேராத கலப்பு உப்பை வாங்க ஆள் இல்லை. சேற்றில் ஒரு பகுதியைச் சிமென்ட் ஆலைகள் எரிக்க எடுத்துக்கொள்கின்றன, மீதி கூரைக்குக் கீழே மூட்டையாகக் குவிகிறது. அந்த மூட்டைகளை அப்புறப்படுத்தும் செலவு கிலோவுக்கு எவ்வளவு, அது சாயக்கூலியில் முழுதாக ஏறியிருக்கிறதா என்பதைத்தான் அடுத்து அளக்க வேண்டும்.